போட்டிப் பரீட்சைக்குப் படித்த காலத்தைத் தனியார் நிறுவன நேர்முகத்தில் எப்படிச் சொல்வது?

படுவான்கரைப் பட்டதாரி

வணக்கம். ஊர் கொக்கட்டிச்சோலைப் பக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தேன். பட்டம் கையில் வந்தது 2020 இறுதியில். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொடுத்த பட்டதாரி நியமனத்துக்குப் பிந்திவிட்டேன். அதற்குப் பிறகு நிர்வாக சேவைத் திறந்த போட்டிப் பரீட்சை, 2023 டிசம்பரில் நடந்த கிராம உத்தியோகத்தர் பரீட்சை, வர்த்தமானியில் வந்த வேறு சிலவும் எழுதினேன். கிராம உத்தியோகத்தர் பரீட்சையில் எழுத்துப் பரீட்சை தேறி நேர்முகம் வரை போனேன். நியமனம் கிடைக்கவில்லை.

அண்மையில் மட்டக்களப்பு நகரில் ஒரு நிதி நிறுவனக் கிளைக்கு, லீசிங் பிரிவு வெளிக்கள உத்தியோகத்தர் வேலைக்கான நேர்முகத்துக்குப் போயிருந்தேன். முகாமையாளர் சுயவிபரக்கோவையைப் புரட்டிவிட்டு, "2021இலிருந்து இதில் ஒன்றுமே இல்லையே தம்பி?" என்றார். பரீட்சைகளுக்குப் படித்தேன் என்றேன். "நாளைக்குக் கச்சேரியிலிருந்து கடிதம் வந்தால்?" என்றார். "போகமாட்டேன் சேர்" என்றேன். எதிரே இருந்த மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்துவிட்டார்கள். பிறகு அழைப்பு வரவில்லை.

அடுத்த வாரம் கல்முனையில் இன்னொரு நிறுவனத்தில் நேர்முகம். அந்தக் காலத்தை எப்படி எழுதுவது, கேட்டால் என்ன சொல்வது? இன்னொன்றும் இருக்கிறது. கடைசியாக எழுதிய பரீட்சை ஒன்றின் பெறுபேறு இன்னும் வரவில்லை. அதைச் சொல்ல வேண்டுமா?

வந்தாறுமூலை குமரன்

மச்சான், இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? உறவினர் யாருக்காவது கடை இருக்கும். "2021 முதல் இன்றுவரை கணக்காளர் உதவியாளர்" என்று ஒரு கடிதம் வாங்கி இணைத்துவிடு. எல்லோரும் செய்வதுதான். வெற்றிடம் இருந்தால்தானே கேள்வி வரும்? பரீட்சை என்ற வார்த்தையையே எடுக்காதே. எடுத்தால் "இவன் போகிறவன்" என்று முத்திரை குத்திவிடுவார்கள்.

காரைதீவு ஓய்வுநிலை ஆசிரியர்

தம்பி, மனம் தளர வேண்டாம். எழுத்துப் பரீட்சை தேறியவர் நீங்கள். கோழி மேய்த்தாலும் கவுண்மேந்தில் மேய்க்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்? நுண்ணறிவுப் பகுதியில் புள்ளி குறைகிறது என்றால் பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துச் செய்து பாருங்கள். உரு வடிவத் தொடர் வினாக்களில்தான் எங்கள் பிள்ளைகள் நேரத்தை விடுகிறார்கள். வயதெல்லை முடியும்வரை விடாமல் எழுதுங்கள். அடுத்த வர்த்தமானி வந்தால் நானே அறிவிக்கிறேன்.

பாசிக்குடா வரவேற்பு

ஐயா, தம்பி கேட்டது அடுத்த பரீட்சையைப் பற்றி அல்ல. எழுதி முடித்ததை எப்படிச் சொல்வது என்றுதான் கேட்கிறார்.

கல்முனைக் கிளை

நான் ஒரு நிதி நிறுவனத்தில் கிளை முகாமையாளராக இருக்கிறேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். நேர்முகக் குழுவில் உட்கார்ந்து இந்தக் கேள்வியை நானும் பலரிடம் கேட்டிருக்கிறேன். அதனால் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

படித்துக்கொண்டிருந்தீர்கள் என்பது எங்களுக்குப் பெரிய குற்றமாகத் தெரிவதில்லை. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலும் பட்டதாரி என்று வருகிற பத்துப் பேரில் பெரும்பாலானோர் ஏதோ ஒரு போட்டிப் பரீட்சை எழுதியவர்கள்தான். நேர்முகம் நடத்துகிறவரும் எழுதியிருப்பார். அவருடைய மனைவி பிரதேச செயலகத்தில் வேலை செய்துகொண்டிருப்பார். கொரோனாவில் பரீட்சைகள் பிந்தியதும், 2022 நெருக்கடியில் அரசாங்க ஆட்சேர்ப்பு நின்றதும் எங்களுக்குத் தெரியாதவை அல்ல.

எங்கள் பயம் வேறு. வெளிக்கள உத்தியோகத்தரை எடுத்தால் முதல் மாதங்களில் அவரால் கிளைக்கு வருமானம் இல்லை. கொழும்பில் பயிற்சி, மோட்டார் சைக்கிள் படி, பழைய ஆளோடு சேர்ந்து வீடு வீடாக அறிமுகம் என்று செலவு மட்டும்தான். தகுதிகாண் காலம் முடிகிற நேரத்தில்தான் வாடிக்கையாளருக்கு அவருடைய முகம் பழகும். அந்த நேரத்தில் அவர் எழுந்து போனால் அவருடைய பிரிவில் தவணைகள் பிந்தத் தொடங்கும். லீசிங் எடுத்தவர் ஆளைப் பார்த்துத்தான் கட்டுகிறார். புதியவர் போய் வாசலில் நின்றால், "அந்தத் தம்பியிடம் பேசிவிட்டேன், அடுத்த மாதம் என்று சொன்னார்" என்பார். உண்மையா பொய்யா என்று சரிபார்க்கவும் ஆள் இல்லை.

ஆகவே "கடிதம் வந்தால் போவீர்களா" என்ற கேள்விக்கு "மாட்டேன்" என்பது பதில் ஆகாது. யாரும் நம்ப மாட்டார்கள். சிரித்தது அதனால்தான். அவர்கள் பார்க்க விரும்பியது இரண்டு: போவதாக இருந்தால் எப்படிப் போவீர்கள், போகும்வரை எங்களுக்கு என்ன பயன்.

குமரன் தம்பி சொன்னதில் பாதி சரி. வெற்றிடத்தை அப்படியே விடக் கூடாது என்பது சரி. பொய்க் கடிதம் சரி அல்ல. நியாயத்தை விடுங்கள், அது வேலைக்கு ஆகாது. ஊழியர் சேமலாப நிதி இலக்கம் கேட்போம், இருக்காது. கடையின் தொலைபேசிக்கு அழைப்போம். எடுத்தவர் "யார், எந்தப் பெயர்?" என்றால் முடிந்தது. இன்னும் மோசம், கணக்காளர் உதவியாளர் என்று போட்டவரிடம் "காசோலை திரும்பினால் புத்தகத்தில் எப்படிப் பதிவீர்கள்?" என்று கேட்போம்.

இப்போது நான் கேட்கிறேன். அந்த வருடங்களில் காலை முதல் இரவுவரை படித்துக்கொண்டா இருந்தீர்கள்? யாரும் அப்படி இருப்பதில்லை. செலவுக்கு என்ன செய்தீர்கள்?

படுவான்கரைப் பட்டதாரி

நன்றி சேர். உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் வகுப்பு எடுத்தேன், இன்றும் எடுக்கிறேன். அறுவடைக் காலங்களில் எங்கள் பக்கத்து நெல் ஆலையில் கொள்வனவுக் கணக்கு எழுதினேன். தராசில் நிறுத்த மூட்டைகளைப் பதிந்து, ஈரத்துக்குக் கழிவு போட்டு, யாருக்கு எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு மீதி என்று கொப்பியில் எழுதுவது. பிறகு அதை எக்செலில் போட்டேன். முதலாளி அதைத்தான் இப்போதும் பார்க்கிறார்.

ஆனால் இதையெல்லாம் எழுதவில்லை. சம்பளச் சிட்டை இல்லை, சேமலாப நிதி இல்லை. உண்மையில் முதலாளி ஒருமுறை பதியவா என்று கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன்.

குமரன்

வேண்டாம் என்றாயா? ஏன்?

அக்கரைப்பற்று சகோதரி

நான் சொல்கிறேன். 2020 பட்டதாரி நியமனப் பட்டியல் வந்தபோது சேமலாப நிதிக் கணக்கு இருந்தவர்களின் பெயர்கள் விடுபட்டன. தொழில் உள்ளவர்கள் என்று கணக்கில் எடுத்தார்கள். ஏதோ ஒரு கடையில் சில மாதம் நின்றவர்களும் அதில் அகப்பட்டார்கள். பிறகு மேன்முறையீடு கோரினார்கள் என்பது வேறு கதை. ஆனால் அந்தப் பயம் அதற்குப் பின்னால் வந்தவர்களிடம் அப்படியே தங்கிவிட்டது. "பெயரில் பணம் கட்டப்பட்டால் அடுத்த நியமனத்தில் வெட்டிவிடுவார்கள்" என்று வீட்டிலேயே சொல்வார்கள். எங்கள் ஊரில் வேலை செய்துகொண்டே வேலை இல்லாதவர்களாக இருந்தவர்கள் நிறையப் பேர். இன்று தனியார் நிறுவனத்துக்குப் போனால் அந்த வருடங்கள் வெறுமையாகத் தெரிகின்றன.

என் கதையும் அதுதான். ஆனால் என்னிடம் பரீட்சையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "கல்யாணம் எப்போது, மாப்பிள்ளை எந்த ஊர்?" என்றுதான் கேட்டார்கள். பரீட்சைக்குப் போகிறவள் என்ற பயத்தைவிட வேறு ஊருக்குப் போகிறவள் என்ற பயம் அவர்களுக்குப் பெரிது. அதற்கு என்ன பதில் சொல்வது என்று யாராவது சொன்னால் எனக்கும் உதவி.

கல்முனைக் கிளை

சகோதரி, அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. ஆனால் கேட்கிறார்கள், மறுக்க மாட்டேன். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

தம்பி, நீங்கள் எழுதாமல் விட்டதுதான் நாங்கள் தேடியது. நெல் ஆலைக் கணக்கு எழுதியவர் உழவு இயந்திர லீசிங் வேலைக்கு வருகிறார், அதை மறைத்துவிட்டுப் பரீட்சையைப் பற்றி மட்டும் பேசுகிறார்! படுவான்கரையில் பெரும்போக அறுவடைப் பணம் எந்த வாரத்தில் கைக்கு வருகிறது, ஆலைக்காரர் எத்தனை நாள் கடன் வைக்கிறார், சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைக்காத கண்டங்கள் எவை என்று தெரிந்த ஒருவரை நாங்கள் பயிற்சி கொடுத்து உருவாக்க முடியாது. மாதத் தவணை கட்ட முடியாத விவசாயிக்குப் போக அடிப்படையில் தவணை போடலாமா என்று முடிவெடுக்கும் இடத்தில் இந்த அறிவுதான் வேண்டும்.

ஆகவே சுயவிபரக்கோவையில் வரிசையை மாற்றுங்கள். நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், கருத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஆலை: "2021 முதல், பருவகாலப் பணி, நெல் கொள்வனவுப் பதிவும் விவசாயிகளுக்கான கொடுப்பனவும், கொப்பிப் பதிவை எக்செலுக்கு மாற்றியது." பருவகாலம் என்ற சொல்லை விடாதீர்கள். ஆண்டு முழுவதும் வேலை செய்தது போல எழுதினால் நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே உடையும்.

அதன் கீழ் வகுப்பு: எந்தப் பாடம், எந்தத் தரம், எந்த ஊர், எத்தனை மாணவர். கட்டணம் நீங்களே வசூலித்தீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள். மாதக் கட்டணம் கொடுக்காத பிள்ளையின் தகப்பனிடம் மனம் நோகாமல் கேட்டு வாங்கியவருக்கு எங்கள் வேலையில் பாதி தெரியும்.

பரீட்சைக்கு ஒரு வரி போதும், கல்வித் தகைமைகளின் கீழ்: "கிராம உத்தியோகத்தர் போட்டிப் பரீட்சை 2023, எழுத்துப் பரீட்சையில் தேர்ச்சி, நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டவர்." பெறுபேற்றுத் தாளின் பிரதியைக் கோப்பில் வைத்திருங்கள், கேட்டால் காட்டலாம். தேறாத பரீட்சைகளை வரிசையாக எழுத வேண்டாம். பொய் சொல்வதற்காக அல்ல, அவற்றால் உங்களைப் பற்றி எதுவும் தெரிவதில்லை. சிலர் எழுதிய பரீட்சை எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, பக்கத்தில் பெறுபேறு இல்லாமல் விடுகிறார்கள். அப்படி விட்டால் எல்லாவற்றிலும் தவறியவர் என்றுதான் வாசிப்போம்.

பழைய தொழிற்சங்கம்

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆலை முதலாளியிடம் கடிதம் கேட்டால் அவர் தயங்குவார். தம்பி வேண்டாம் என்று சொன்னாலும் சேமலாப நிதி கட்டாமல் விட அவருக்கு உரிமை இல்லை. தற்காலிகம், பருவகாலம் என்றாலும் கட்ட வேண்டியதுதான். ஊழியரிடமிருந்து 8 வீதம், முதலாளி 12 வீதம், அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். "இவர் 2021இலிருந்து என்னிடம் வேலை செய்தார்" என்று கையெழுத்திட்டுக் கொடுத்தால் தொழில் திணைக்களத்தில் அவருக்கு எதிரான சாட்சியாக அதுவே நிற்கும். நல்ல மனிதராக இருந்தாலும் யாராவது அவருக்கு இதைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள்.

உண்மையில் அந்தப் பணத்தைக் கேட்டு வாங்குவதுதான் முறை என்பேன்.

படுவான்கரைப் பட்டதாரி

ஐயா, அவர் எங்களுக்கு மாமா முறை. கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு அரிசி அனுப்பியவர். அவர் மேல் முறைப்பாடு செய்ய என்னால் முடியாது. கடிதம் கேட்டேன். "எதற்கு மகன், வீணாகப் பிரச்சினை வரும்" என்றுதான் சொன்னார்.

கல்முனைக் கிளை

கடிதம் கட்டாயம் இல்லை. நடுவர் என்று இரண்டு பேருடைய பெயர் போடுவீர்கள்தானே, அதில் அவரைப் போடுங்கள். எல்லோரும் பல்கலைக்கழக விரிவுரையாளரையும் கோவில் தலைவரையும்தான் போடுகிறார்கள். விரிவுரையாளருக்கு அழைத்தால் "நல்ல மாணவர்" என்பார், அவ்வளவுதான். ஆலை முதலாளி ஒருவர் தொலைபேசியில் "காசு கையில் கொடுத்து அனுப்பலாம்" என்று சொன்னால் எங்களுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் இல்லை. ஆனால் முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள். அறுவடை நேரத்தில் தராசடியில் நிற்பவருக்குத் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கமாட்டார்.

கடையிலும் ஆலையிலும் பெற்ற அனுபவத்துக்கு இது சரிவரும். ஆனால் சில பெரிய நிறுவனங்களில் தலைமைக் காரியாலயம் சேவைக் கடிதம் இல்லாத அனுபவத்தைக் கணக்கில் எடுக்காது. அங்கே உங்களை அனுபவம் இல்லாதவராகவே எடுப்பார்கள், ஆரம்பச் சம்பளமும் அதற்கு ஏற்றபடிதான் இருக்கும். அதில் நாங்கள் கிளையிலிருந்து ஒன்றும் செய்ய முடியாது.

குமரன்

சரி சேர், பெறுபேறு வராத பரீட்சை? அதையும் தானாகப் போய்ச் சொல்ல வேண்டுமா? சொன்னால் எடுப்பீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

கல்முனைக் கிளை

தானாகச் சொல்லத் தேவையில்லை. கேட்டால் மறைக்கக் கூடாது. "வேறு ஏதாவது பெறுபேறு எதிர்பார்க்கிறீர்களா?" என்று நேரடியாகவே கேட்போம். நான் விரும்பும் பதில் ஏறத்தாழ இப்படி இருக்கும்: "ஒன்று எழுதியிருக்கிறேன், பெறுபேறு வரவில்லை. வந்தாலும் அதற்குப் பிறகு நேர்முகம், நியமனம் என்று காலம் எடுக்கும். புதிதாக எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. போக நேர்ந்தால் நியமனக் கடிதத்தில் உள்ள முன்னறிவித்தல் காலத்தை முழுமையாகக் கொடுத்து, என் வாடிக்கையாளர்களைப் புதியவருக்கு வீடு காட்டி ஒப்படைத்துவிட்டுத்தான் போவேன்." புதிதாக விண்ணப்பிக்கவில்லை என்பது உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

இன்னொன்று, "அரசாங்க வேலை அலுத்துவிட்டது, நம்பிக்கை போய்விட்டது" என்று சொல்லாதீர்கள். அரசாங்கம் எடுக்கவில்லை என்பதால் இங்கே வருகிறீர்கள் என்றுதான் அது எங்களுக்குக் கேட்கும். நெல் ஆலையில் பார்த்த வேலைக்கும் இந்த வேலைக்கும் உள்ள தொடர்பிலிருந்து தொடங்குங்கள். அதில் பேசிக்கொண்டிருந்தால் பரீட்சைக் கேள்வி வருவதற்கே நேரம் பிந்தும்.

பாசிக்குடா வரவேற்பு

எங்கள் துறையில் இந்தப் பயம் இவ்வளவு இல்லை. நான் இங்கே ஒரு ஹோட்டலில் ஆட்சேர்ப்பைப் பார்க்கிறேன். கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் சித்திரைக்குப் பிறகு சில மாதங்கள்தான் எங்களுக்குக் கூட்டம். அந்தப் பருவம் முழுவதும் நிற்பார் என்றால் போதும். "மார்கழியில் நியமனம் வரலாம்" என்று ஒருவர் சொன்னால் எனக்கு அது தடை அல்ல. அரசகரும மொழிப் பரீட்சைக்காகச் சிங்களம் படித்தவர் என்றால் உடனே எடுப்பேன். வார இறுதியில் வருகிற உள்ளூர் விருந்தினரில் பெரும்பகுதி சிங்களம் பேசுகிறவர்கள். அந்தச் சான்றிதழை எங்கள் பிள்ளைகள் கோப்பின் அடியில் வைத்துவிட்டு வருகிறார்கள்.

அக்கரைப்பற்று சகோதரி

முகாமையாளர் சொன்ன பதில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே நேர்முகத்துக்கு இருவர் வருகிறார்கள், ஒருவருக்குப் பெறுபேறு நிலுவை, மற்றவருக்கு இல்லை, மற்றதெல்லாம் சமம் என்றால் யாரை எடுப்பீர்கள்?

கல்முனைக் கிளை

நிலுவை இல்லாதவரை. மறைக்கவில்லை.

குமரன்

இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

கல்முனைக் கிளை

ஆனால் மற்றதெல்லாம் சமமாக இருப்பதில்லை தம்பி. நெல் ஆலை ஒருவரிடம்தான் இருக்கும்.

படுவான்கரைப் பட்டதாரி

எனக்கும் அதில் முடிவு வரவில்லை. கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் விடுவேன். கோவையைத் திருத்திவிட்டேன். மாமா தொலைபேசிக்குச் சம்மதித்தார், "நான் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடு" என்கிறார். எழுதிக் கொடுக்கவா?

கல்முனைக் கிளை

எழுதிக் கொடுக்காதீர்கள். வாசிப்பது காதில் கேட்கும். எந்த நிறுவனத்திலிருந்து, எந்த வேலைக்கு அழைப்பார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். நேர்முகத்துக்கு ஆலைக் கணக்கின் ஒரு பக்கத்தை, விவசாயிகளின் பெயர்களை மறைத்து, அச்சிட்டுக் கொண்டு போங்கள். அதையும் மாமாவிடம் கேட்டுவிட்டு. பயிற்சிக்காகப் பிணைமுறி ஒப்பமிடச் சொன்னால் அன்றே ஒப்பமிடாமல் வீட்டுக்கு எடுத்துவந்து வாசியுங்கள். இடையில் போனால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று அதில் இருக்கும். பெறுபேறு நிலுவையில் இருப்பவருக்கு முக்கியமான வரி அதுதான்.

காரைதீவு ஓய்வுநிலை ஆசிரியர்

நல்ல விடயங்கள் பேசுகிறீர்கள். தம்பி, முகாமைத்துவ சேவைக்கு அடுத்த வர்த்தமானி வந்தாலும் விண்ணப்பிக்காமலா விடுவீர்கள்?

படுவான்கரைப் பட்டதாரி

ஐயா, அதை வீட்டில் அம்மாவும் கேட்டுவிட்டார். இந்த நேர்முகம் முடியட்டும்.